கண்ணாடித் தகட்டில் அகப்படாத மலேரியா

பரிசோதித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தொழில் தந்த குணம் அது. மலேரியா இலங்கையில் இருந்த காலத்தில் ஆய்வுகூடத்தில் இரத்தப் பூச்சு பார்த்தவள் நான். எந்த ஊரிலிருந்து பூச்சு வந்தாலும் முறை ஒன்றுதான். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடிப்பாகப் பரப்பிக் காயவிட வேண்டும். பிறகு ஜீம்சாச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணெய்த் துளி விட்டுக் குறைந்தது நூறு புலங்களையாவது ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நீல நிறத்தில் மெல்லிய மோதிரம் போன்ற வடிவமும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரிந்தால் ஒட்டுண்ணி உண்டு. நூறு புலம் பார்த்தும் ஒன்றும் அகப்படாவிட்டால்தான் 'இல்லை' என்று எழுதலாம். அந்த 'இல்லை'யை எழுதும்போது கை நடுங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்த மேற்பார்வையாளர் சொல்வார். கழுத்து வலித்தாலும் நூறாவது புலம் வரை போகாமல் நான் எழுந்ததில்லை.

அப்படிப்பட்டவளிடம் தங்கையின் மகள் உகண்டாவிலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய கணவன் அங்கே ஜிஞ்சா நகருக்கு அருகே ஒரு நீர்மின் திட்டத்தில் பொறியியலாளர். வீட்டு வேலைக்கு உதவியாக வரும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, முதல் கர்ப்பம், நான்காம் மாதம். தாய்மார் கிளினிக்கில் அவளுக்கு மலேரியாப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், இல்லை என்று வந்திருக்கிறது. காய்ச்சலும் இல்லை. ஆனாலும் தாதி மூன்று வெள்ளைக் குளிசைகளைக் கையில் கொடுத்து, ஒரு கோப்பைத் தண்ணீரும் கொடுத்து, தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமும் வர வேண்டுமாம், அப்போதும் மூன்று குளிசை. "பெரியம்மா, நோய் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டுப் பிறகு மலேரியா மருந்தும் கொடுக்கிறார்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டாள்.

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். அந்த மருந்தை எனக்குத் தெரியும். சல்பாடொக்சினும் பைரிமெதமினும் சேர்ந்த குளிசை அது. ஒன்றில் 500 மில்லிகிராமும் 25 மில்லிகிராமுமாக இருக்கும். மூன்றும் சேர்ந்தால் மலேரியா உறுதியான ஒரு பெரிய ஆளுக்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட முழுச் சிகிச்சை அளவு. ஆக, நோய் வராமல் காக்கும் சிறு அளவு அல்ல இது. நோயாளிக்குக் கொடுக்கும் அளவை நோயில்லாதவள் என்று எழுதப்பட்டவளுக்குக் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கிறார்கள் என்பது இன்னும் உறுத்தியது. பனடோலைக்கூட வைத்தியரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று நாம் சொல்லும் நிலை அல்லவா அது.

நூறு புலங்களுக்கு வெளியே

கேள்வியை விட்டுவிட முடியவில்லை. நோயியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழி ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த தகடுகள் இன்னும் மரப்பெட்டியில் அவரிடம் உண்டு. அவற்றில் ஒன்று ஆபிரிக்காவில் எடுக்கப்பட்ட சூல்வித்தகத்தின் மெல்லிய வெட்டு. "உன் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது, நீயே பார்" என்று நுணுக்குக்காட்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

சூல்வித்தகத்தில் சிசுவின் குருதி ஓடும் விரல் போன்ற முளைகள் உண்டு. அந்த முளைகளுக்கு இடையே உள்ள வெளியில் தாயின் குருதி மெதுவாக வந்து தேங்கி நகர்கிறது. சுத்தமான சூல்வித்தகத்தில் அந்த இடைவெளியில் வெறும் செங்குழியங்களே தெரியும். இந்தத் தகட்டில் அந்த இடைவெளி முழுவதும் ஒட்டுண்ணி முற்றிய செங்குழியங்கள் முளைகளின் ஓரத்தை ஒட்டி வரிசையாக நின்றன. அவற்றுக்கிடையே வெண்குழியங்கள் கூட்டமாக வந்து நெருக்கியிருந்தன. எங்கு பார்த்தாலும் கபில நிறத் துகள்கள். செங்குழியத்தின் ஈமோகுளோபினைத் தின்றுவிட்டு ஒட்டுண்ணி மிச்சம் வைக்கும் நிறப்பொருள் அது. என் பணிக்காலம் முழுவதும் விரல் நுனி இரத்தத்தில் ஒட்டுண்ணியை ஒன்றும் இரண்டுமாகத் தேடியவள் நான். இவ்வளவையும் ஒரே புலத்தில் கண்டபோது சிறிது நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. பெட்டியோடு இருந்த பழைய குறிப்பு அட்டையில், அந்தத் தாயின் விரல் நுனிப் பூச்சில் ஒட்டுண்ணி காணப்படவில்லை என்று எழுதியிருந்தது.

இதற்குக் காரணம் பல்சிப்பாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்தின் பழக்கம். செங்குழியத்துக்குள் அது நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று வளர்ந்து பெருகுகிறது. சுற்றின் முதல் பாதியில், மோதிர வடிவில் இருக்கும்போது மட்டும் உடல் முழுவதும் ஓடித் திரியும். முற்றத் தொடங்கியதும் செங்குழியத்தின் வெளிப்புறத்தில் ஒட்டும் புரதத்தை நீட்டி, நாயுருவி விதை சேலையில் ஒட்டிக்கொள்வதுபோல நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் ஓடினால் மண்ணீரல் வடிகட்டி அழித்துவிடும். எனவே விரல் நுனியில் நாங்கள் பார்ப்பது எப்போதும் வெளியே உலாவும் பாதியை மட்டுமே. சாதாரண நோயாளியிடம் பெரும்பாலும் அந்தப் பாதியே போதும், பூச்சு அதிகம் ஏமாற்றாது.

கர்ப்பத்தில் நடப்பது வேறு. சூல்வித்தகத்தின் மேற்பரப்பில் கொண்ட்ரொயிற்றின் சல்பேற் ஏ என்ற பொருள் இருக்கிறது. அதில் மட்டும் ஒட்டக்கூடிய புரதம் ஒன்றை, வார்2சிஎஸ்ஏ என்று பெயரிடப்பட்டதை, நீட்டத் தெரிந்த ஒட்டுண்ணிகள் உண்டு. சூல்வித்தகம் இல்லாத உடலில் அவற்றுக்குத் தங்க இடமில்லை. பெண் கருவுற்றதும் அவற்றுக்கென்றே ஒரு புது வீடு கட்டப்பட்டுவிடுகிறது. ஒட்டுண்ணி சூல்வித்தகத்தில் இந்தப் பொருளைப் பற்றிக்கொள்கிறது என்று பிரைட், டபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் காட்டினார்கள். அதற்கு முன்பே வைத்தியர்கள் கண்டு வியந்த ஒரு விடயத்துக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

அந்த விடயம் இதுதான். மலேரியா ஆண்டு முழுவதும் பரவும் ஊரில் வளர்ந்த பெண் சிறுவயதிலிருந்து நூறு முறை நுளம்புக் கடி வாங்கி, பலமுறை காய்ச்சலில் விழுந்து எழுந்து, பத்தொன்பது வயதில் ஓரளவு எதிர்ப்புச் சக்தியோடு இருப்பாள். ஒட்டுண்ணி உள்ளே போனாலும் காய்ச்சலே வராது. ஆனால் முதல் கர்ப்பத்தில் அவள்தான் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறாள். இரண்டாவதில் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு. அவளுடைய உடல் அதுவரை சேர்த்து வைத்த பிறபொருளெதிரிகளில் சூல்வித்தகத்தில் ஒட்டும் வகைக்கு எதிரானது ஒன்றும் இல்லை. அந்த வகையை அவள் உடல் முதல் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகிறாள், வருகிறாள். உள்ளே சூல்வித்தகத்தில் அழற்சி மூண்டு, முளைகளின் ஓரம் தடித்து, சிசுவுக்குப் போக வேண்டிய ஊட்டம் குறைகிறது. செங்குழியங்கள் அழிந்து தாய்க்குக் குருதிச்சோகை கூடுகிறது. பிள்ளை வளர்ச்சி குன்றியோ, நாள் நிறையாமலோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிறது. சில வேளை உயிரில்லாமல் பிறக்கிறது. பெரும்பாலும் ஒட்டுண்ணி பிள்ளையின் குருதிக்குள் போவதில்லை. பிள்ளையைத் தொடாமலே அதன் உணவுப் பாதையில் உட்கார்ந்து கெடுக்கிறது. நிறை குறைந்த அந்தப் பிள்ளை முதலாண்டில் நிமோனியாவாலோ வயிற்றோட்டத்தாலோ இறந்தால் மரணப் பதிவில் மலேரியா என்ற பேச்சே இருக்காது. குருதிச்சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு இரத்தப் போக்கு ஏற்பட்டால், மற்றவள் தாங்கும் இழப்பை அவளால் தாங்க முடியாது. அந்த மரணத்திலும் மலேரியாவின் பெயர் வராது.

பரிசோதித்துக் கொடுத்தால் என்ன?

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் என் பிடிவாதம் முழுவதும் போகவில்லை. ஒரு முறை பரிசோதித்தால் தவறவிடலாம், சரி. ஒவ்வொரு கிளினிக்கிலும் பரிசோதித்து, உண்டு என்று வந்தால் மட்டும் நல்ல மருந்தாகக் கொடுக்கலாமே? இப்போது விரைவுப் பரிசோதனைப் பட்டிகள் இருக்கின்றன. ஒரு துளி இரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் கோடு விழும். வேண்டாத மருந்தை எல்லோருக்கும் கொடுப்பதைவிட இது ஒழுங்கான வழி அல்லவா?

என்னைப் போலவே யோசித்தவர்கள் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கென்யாவிலும் மலாவியிலும் நடந்த சோதனைகளில் ஒரு பகுதிப் பெண்களுக்கு வழக்கமான மூன்று குளிசை, இன்னொரு பகுதியினருக்கு ஒவ்வொரு வருகையிலும் பட்டியில் பரிசோதனை. உண்டு என்றால் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின், பைப்பரகுவின் சேர்ந்த வலுவான புது மருந்து. கேட்பதற்குப் பின்னதுதான் நியாயமாகத் தெரிகிறது. அதுவும் அந்தப் பகுதிகளில் பழைய மருந்துக்கு ஒட்டுண்ணி பெருமளவு பழகிப்போயிருந்தது. ஆனாலும் பரிசோதித்து மருந்து கொடுத்த வழி பழைய வழியை வெல்லவில்லை. மலாவியில் அந்தப் பகுதிப் பெண்களிடம் பிரசவ நேரத்தில் மலேரியா கூடுதலாகவே காணப்பட்டது. பட்டியில் கோடு விழாத அளவு குறைந்த தொற்றுகள் தப்பிக்கொண்டன. அதோடு, நோய் இல்லை என்று அனுப்பப்பட்டவளுக்கு அடுத்த வருகை வரைக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மூன்று குளிசை விழுங்கியவளுக்கோ இரண்டும் நடக்கிறது. உள்ளே ஒளிந்திருப்பது ஓரளவாவது அழிகிறது. சல்பாடொக்சின் உடலில் மெதுவாகக் குறைவதால் சில வாரங்களுக்குப் புதிய தொற்றும் தடைப்படுகிறது.

இந்தச் சோதனைகளைப் படித்த அன்றுதான் என் மனம் திரும்பியது. பரிசோதனையின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு குறைந்துவிடவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. விரல் நுனி இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது அந்தக் கேள்வி. சூல்வித்தகத்தில் இருக்கிறதா என்று பிள்ளை பிறக்கும் முன்னர் கேட்பதற்கு நம்மிடம் வழி இல்லை. வழி இல்லாத இடத்தில் எல்லோருக்கும் கொடுப்பது சோம்பேறித்தனம் அல்ல, கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. மலாவி இந்த மருந்தை 1993லேயே தேசியக் கொள்கையாக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2012இல் விதியை இன்னும் தெளிவாக்கியது. பதின்மூன்றாம் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு கிளினிக்கிலும், முந்திய தடவைக்கு ஒரு மாதமாவது கழித்துக் கொடுக்க வேண்டும். குறைந்தது மூன்று தடவையாவது கிடைக்க வேண்டும். பிரசவ நாள் வரைக்கும் கொடுக்கலாம். முதல் மூன்று மாதத்தில் கொடுப்பதில்லை, ஏனெனில் இந்த மருந்து போலேற்றின் வேலையைத் தடுப்பது, சிசுவின் முள்ளந்தண்டு உருவாகும் நேரம் அது.

போலேற் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்து பெறாமகளிடம் கேட்டேன். அவள் தனக்குப் பிள்ளை வேண்டும் என்று போலிக் அமிலக் குளிசைப் போத்தல் ஒன்றைக் கொழும்பிலிருந்து கொண்டுபோயிருந்தாள், ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம். அதில் பாதியை, பாவம் நல்ல மனத்தோடு, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். "கர்ப்பிணிகளுக்கு நல்லதுதானே, பெரியம்மா?" நல்லதுதான், நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் அளவில். 5 மில்லிகிராம் என்றால் அந்த மூன்று குளிசையின் வேலையைக் கெடுத்துவிடும். ஒட்டுண்ணி தனக்குத் தேவையான போலேற்றைத் தானே உண்டாக்குவதைத்தான் மருந்து தடுக்கிறது. நாம் வெளியிலிருந்து அள்ளிக் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும். அன்றே அந்தப் போத்தலைத் திரும்ப வாங்கச் சொன்னேன். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்துக் குளிசையில் இருக்கும் போலிக் அமிலமே போதும், தாதியிடம் காட்டி அளவைக் கேட்டுக்கொள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பெண்ணின் கதை இப்படிப் போனது. நான்காம் மாதத்தில் முதல் தடவை. அடுத்த மாதம் போனபோது இரண்டாவது. அதற்கடுத்த மாதம் கிளினிக்கில் மருந்து இருந்தது, ஆனால் குடிதண்ணீர் இல்லை. தாதி குளிசையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவள் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அலுமாரியில் வைத்துவிட்டாள். வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம். இதைச் சொல்லிப் போட வைத்தவள் என் பெறாமகள். கண் முன்னால் விழுங்கச் சொல்வது பெண்களை நம்பாததால் என்று முதலில் நினைத்திருந்தேன். கோப்பையும் தண்ணீரும் இல்லாத ஒரு காலை வேளை என்ன செய்யும் என்று அப்போது விளங்கியது. ஆபிரிக்காவில் இந்த மருந்து தேவைப்படும் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே மூன்று தடவையாவது கிடைக்கிறது. கிளினிக்குக்கு ஒரு முறையாவது வருபவர்கள் அதைவிட மிகக் கூடுதல். ஆக, வாசல் வரை வந்தவர்களே விடுபட்டுப் போகிறார்கள். பிந்தி வருவது, மருந்து தீர்ந்துபோவது, தண்ணீர்க் கோப்பை இல்லாதது என்று காரணங்கள் எல்லாம் இப்படிச் சில்லறையாகத்தான் இருக்கின்றன.

வலைக்கு வெளியே எழுந்து போகும் நேரம்

முதல் கிளினிக்கிலேயே அவளுக்கு நுளம்பு வலையும் கொடுத்திருந்தார்கள். நமக்கு வலை என்றால் பேரப்பிள்ளையின் தொட்டிலுக்கு மேல் விரிக்கும் வெள்ளைத் துணிதான். அது நுளம்பைத் தள்ளி வைக்கும். தூக்கத்தில் முழங்கை வலையில் பட்டால் நுளம்பு வெளியே நின்றே கடித்துவிடும். அங்கே கொடுப்பது நூலிலேயே பூச்சிமருந்து சேர்த்த வலை. அதில் உட்காரும் நுளம்பு சாகும், அதனால் பக்கத்தில் படுப்பவருக்கும் ஓரளவு காப்பு. புதிய வலையைப் பொதியிலிருந்து எடுத்து ஒரு நாள் நிழலில் விரித்து ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் முகம் எரியும், மூக்கு அரிக்கும். அந்தப் பெண் முதல் இரவே எரிச்சல் தாங்காமல் வலையைச் சுருட்டி வைத்துவிட்டாள். இதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் கட்டினாள். துவைப்பதானால் சாதாரணச் சவர்க்காரம், காயவைப்பது நிழலில். வெயில் மருந்தைத் தின்றுவிடும்.

கர்ப்பிணிக்கு வலை கூடுதலாக வேண்டியதற்குக் காம்பியாவில் செய்த ஓர் ஆய்வு காரணம் சொல்கிறது. கர்ப்பிணிகளையும் கர்ப்பமில்லாத பெண்களையும் ஒரே மாதிரியான குடிசைகளில் தூங்கவைத்துக் காலையில் நுளம்புகளை எண்ணினார்கள். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு கர்ப்பிணிகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது. பிந்திய மாதங்களில் அவள் கூடுதலாக மூச்சு விடுகிறாள், வயிற்றின் தோல் சற்றுச் சூடாக இருக்கிறது. நுளம்பு மூச்சுக்காற்றையும் சூட்டையும் பிடித்துத்தான் வருகிறது. அதோடு சிறுநீர் கழிக்க இரவில் கூடுதல் தடவை வலையை விட்டு எழுந்து போகிறாள். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் இதைக் கேட்டுச் சிரிப்பாள், ஆனால் அனோபிலிஸ் கூடுதலாகக் கடிப்பதும் அந்த நடு இரவில்தான். வலையை மெத்தைக்கு அடியில் செருகி, எழுந்து போகும்போது மீண்டும் செருகிவிட்டுப் போனால் உள்ளே நுளம்பு காத்திருக்காது. முதல் சில கர்ப்பங்களில் மருந்து சேர்த்த வலை கருச் சிதைவையும் உயிரற்ற பிறப்பையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று ஆபிரிக்கச் சோதனைகளின் தொகுப்பு சொல்கிறது. இதற்கு மேல் எந்த மருந்துக் கம்பனி விளம்பரம் வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கு இரண்டு கிலோ எண்ணூறு கிராமில் மகள் பிறந்தாள். மருந்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படிச் சொல்லும் பழக்கம் ஆய்வுகூடக்காரிக்கு இல்லை.

"அங்கே பெண்கள் பிள்ளை பெறுவதில்லையா?"

அடுத்த ஆண்டு உறவினர் திருமணத்துக்காகக் கொழும்பு வந்த இடத்தில் பெறாமகளுக்குத் தான் கருவுற்றிருப்பது தெரிந்தது. திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அவளுடைய மாமியார் நல்ல மனுஷி, ஆனால் ஒரே கேள்வியில் பேச்சை முடித்துவிடுவார். "அங்கே பெண்கள் பிள்ளை பெறுவதில்லையா? அந்த மூன்று குளிசையை இவளும் போட்டுக்கொண்டால் முடிந்தது." மருமகனும் தலையாட்டினார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அந்தக் குளிசையை நம்பி இவளை அனுப்பக் கூடாது. அது ஓரளவு எதிர்ப்புச் சக்தி உள்ள பெண்களுக்கு என்று வகுக்கப்பட்ட முறை. கிழக்கு ஆபிரிக்காவில் ஒட்டுண்ணி அந்த மருந்துக்குப் பெரிதும் பழகிவிட்டது; எனவே அது தொற்றை முழுவதும் தடுப்பதில்லை. மிச்சத்தை அந்தப் பெண்ணின் உடலே சமாளிக்கிறது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவளின் உடலுக்கு மலேரியாவைத் தெரியவே தெரியாது. இவளுக்கு வந்தால் ஒளிந்திருக்காது, சத்தம் போட்டுக்கொண்டு வரும். கடும் காய்ச்சல், குருதியில் சீனி திடீரென இறங்குவது, நுரையீரலில் நீர் சேர்வது, மயக்கம். எத்தனையாவது கர்ப்பம் என்று அது பார்க்காது. தாயின் உயிரே போகும் மலேரியா இந்த வகைதான்.

மாமியாருக்கு உகண்டாவைச் சொன்னால் விளங்காது என்று இலங்கையைச் சொன்னேன். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியாவை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களைத் தாக்கியது. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கொழும்பு டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் விக்கிரமசூரிய அப்போது கர்ப்பிணிகளிடம் கண்டதை எழுதி வைத்தார். 1937இல் அது நூலாகவும் வந்தது. மலேரியாவும் கர்ப்பமும் பற்றி உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் பழைய பதிவுகளில் அது ஒன்று. அதில் வரும் தாய்மார் ஜிஞ்சாப் பெண்ணைப் போலக் காய்ச்சல் இல்லாமல் வேலைக்குப் போனவர்கள் அல்லர். அவர்கள் இவளைப் போன்றவர்கள். உடலுக்கு மலேரியா தெரியாதவர்கள். இதைக் கேட்டபின் மாமியார் தன் தாய்வழிப் பாட்டி குருநாகலில் அந்த ஆண்டில்தான் இறந்தாராம், வயிற்றுப் பிள்ளையோடு, என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குக் காரணம் காய்ச்சல் என்று மட்டுமே சொல்லப்பட்டிருந்தது.

போயே ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். அப்போது மெபுளோகுயின் என்ற மருந்து இருக்கிறது. வாரம் ஒரு குளிசை, பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம் என்றாலும் வலிப்பு அல்லது மனநோய் இருந்தவர்களுக்கு ஆகாது. பயணிகள் வழக்கமாகப் போடும் டொக்சிசைக்கிளின் கர்ப்பிணிக்கு ஆகாது. கடையில் கேட்டு வாங்கும் விடயம் அல்ல இது. நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது, போகும் நாட்டையும் கர்ப்ப மாதத்தையும் சொன்னால் ஆலோசனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும். பெறாமகள் போகவில்லை. உகண்டாவில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் நாரஹேன்பிட்டியில் ஒரு பூச்சு மட்டும் பார்த்தோம். இல்லை என்று வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத அவளிடம் தொற்று நீண்ட காலம் அமைதியாக இருக்காது என்பதால் அந்த 'இல்லை'யை நம்பலாம். ஆனாலும் அடுத்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் அன்றே மீண்டும் வர வேண்டும் என்று சொன்னார்கள்.

பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மருமகன் விடுமுறையில் வந்தார். வந்து ஒரு வாரத்தில் காய்ச்சல், உடல் உளைவு, குருதிச் சிறுதட்டுகள் குறைவு. கொழும்பில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எந்த வைத்தியருக்கும் முதலில் டெங்குதான் தோன்றும். நோயாளி எங்கே இருந்து வந்தார் என்று கேட்க அந்தத் தனியார் கிளினிக்கில் யாருக்கும் நேரமிருக்கவில்லை. டெங்குப் பரிசோதனை இல்லை என்று வந்ததும் இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். மலேரியாவிலும் சிறுதட்டுகள் இறங்கும். 2012க்குப் பிறகு இங்கே உள்ளூரில் தொற்று ஓய்ந்து, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் வாங்கிவிட்டோம். அதனாலேயே இளம் வைத்தியர்கள் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. நான் அன்று மாலையே அவரை நாரஹேன்பிட்டிக்கு அழைத்துப்போனேன். முதல் பூச்சில் ஒன்றும் இல்லை. மருமகன் எழுந்து புறப்படத் தயாரானார், உட்காரச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்த பிறகுதான் விட வேண்டும், ஏனெனில் முற்றிய ஒட்டுண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில் எடுத்தால் பூச்சு வெறுமையாகத் தெரியலாம். மறுநாள் காலைப் பூச்சில் மோதிரங்கள் தெரிந்தன, பல்சிப்பாரம். மூன்று நாள் சிகிச்சையை வைத்தியசாலையிலேயே கொடுத்தார்கள். வீட்டைச் சுற்றி அனோபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க மலேரியாத் தடை இயக்கத்திலிருந்து இருவர் வந்து கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் சோதித்துப்போனார்கள். ஜிஞ்சாவில் அவர் வலையைத் தினமும் கட்டுவதில்லையாம், காற்றாடி வேகமாகச் சுழன்றால் நுளம்பு வராது என்று நினைத்தாராம்.